பதினைந்து நாளா, அமாவாசை மட்டுமா? மகாளய பட்சம் பற்றி

கேள்வி: "மகாளய பட்சம் பதினைந்து நாளும் தர்ப்பணம் கொடுக்க வேண்டும் என்று ஊர்ச் சாஸ்திரிகள் சொல்கிறார். வேலைக்குப் போகிறவனுக்கு அது முடியுமா? அமாவாசை அன்று மட்டும் கொடுத்தால் போதாதா? அந்த ஒரு நாளுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? அப்பா இறந்தது பஞ்சமி திதி. அம்மா இருக்கிறார், அம்மாவின் பெற்றோர் இல்லை. கல்யாணம் ஆகாத சித்தப்பா ஒருவர் பம்பாயில் இறந்துபோனார், தேதி கூட யாருக்கும் தெரியாது. அவருக்கும் கொடுக்கலாமா?"

கொடுக்கலாம். உங்கள் சித்தப்பாவுக்குக் கொடுப்பதற்கென்றே ஆண்டில் ஒதுக்கி வைத்திருக்கும் காலம்தான் இது. மற்றக் கேள்விகளுக்கான விடையும் அவரிடமிருந்தே வருவதால், அதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

மாதாமாதம் வரும் அமாவாசையில் நாம் கொடுக்கும் தர்ப்பணம் இரண்டு வர்க்கத்துக்கு. ஒன்று அப்பா வழி, இன்னொன்று அம்மாவைப் பெற்றவர்களின் வழி. ஆடி அமாவாசைக்கு இராமேசுவரம் போனாலும் சரி, தை அமாவாசைக்கு வேதாரண்யம் போனாலும் சரி, இந்த இரண்டு வர்க்கம்தான். பெரியப்பா, சித்தப்பா, அத்தை, தாய்மாமன், பெரியம்மா, உடன்பிறந்தவர்கள், மாமனார், மாமியார், பாடம் சொல்லிக் கொடுத்த ஆசிரியர், நண்பன் ஆகியோருக்கு அங்கே இடமில்லை. அவர்களுக்கு அவரவர் பிள்ளைகள் கொடுப்பார்கள் என்பது கணக்கு. பிள்ளை இல்லாதவர்களை அந்தக் கணக்கு விட்டுவிடுகிறது.

மகாளயத்தில் மூன்றாவது வர்க்கம் ஒன்று சேர்கிறது. அவர்களுக்குக் காருண்ய பித்ருக்கள் என்று பெயர். கருணையினால் கொடுக்கப்படுகிறவர்கள், அதாவது கொடுத்தே ஆக வேண்டிய கடமை நமக்கு இல்லாவிட்டாலும் நாம் நினைத்துக் கொடுக்கிறவர்கள். மகாளய சங்கல்பத்தைக் கவனித்துக் கேளுங்கள். இரண்டு வர்க்கத்தையும் சொல்லி முடித்ததும் "பித்ருவ்ய மாதுலாதி வர்க்கத்வய அவசிஷ்டானாம் ஸர்வேஷாம் காருணிக பித்ரூணாம்" என்று வரும். இரண்டு வர்க்கத்திலும் அடங்காமல் மிச்சம் இருக்கிற எல்லாருக்கும் என்று பொருள். அதன் முதல் சொல்லான பித்ருவ்யன் என்பது அப்பாவின் உடன்பிறந்தவரைக் குறிக்கும். மிச்சம் இருப்பவர்களின் வரிசையில் முதலில் அழைக்கப்படுவதே உங்கள் சித்தப்பாதான்.

இனி நாள் கணக்கு. ஆவணி அல்லது புரட்டாசியில் வரும் பௌர்ணமிக்கு மறுநாள் பிரதமையில் பட்சம் தொடங்கி அமாவாசையில் முடிகிறது. வழக்கமாக அதற்கு மறுநாளே நவராத்திரிக் கொலு. 2026-ல் செப்டம்பர் 27 ஞாயிறு பிரதமை, அக்டோபர் 10 சனிக்கிழமை மகாளய அமாவாசை, 11-ஆம் தேதி நவராத்திரி தொடக்கம். அதிக மாதம் குறுக்கே விழுந்தால் மட்டும் இந்த ஒட்டு விட்டுப்போகும். 2020-ல் மகாளய அமாவாசை செப்டம்பர் 17-லும் நவராத்திரி ஒரு மாதம் கழித்து அக்டோபர் 17-லும் வந்தது அப்படித்தான். அந்த ஆண்டு பலர் மகாளயத்தை ஒரு மாதம் தள்ளிப் போட வேண்டுமோ என்று குழம்பினார்கள். தள்ளக் கூடாது. மகாளயத்தை நவராத்திரியிலிருந்து பின்னோக்கி எண்ணுவதில்லை. ஆஷாடப் பௌர்ணமிக்குப் பிறகு வரும் ஐந்தாவது பட்சம் என்றுதான் எண்ணுவது வழக்கம். சங்கல்பத்தில் "ஆஷாட்யாதி பஞ்சம அபரபக்ஷ" என்று சொல்வது இதைத்தான்.

பதினைந்து நாளும் கொடுப்பதற்குப் பட்ச மகாளயம் என்றும், ஒரே நாளில் கொடுப்பதற்கு ஸக்ருன் மகாளயம் என்றும் பெயர். இரண்டும் நூல்களில் ஒப்புக்கொள்ளப்பட்டவை. நடுவில் இன்னும் சில படிகளும் உண்டு. முழுப் பட்சமும் முடியாதவர் பஞ்சமியிலிருந்து தொடங்கலாம், அதுவும் முடியாவிட்டால் அஷ்டமியிலிருந்து, அதுவும் இல்லையென்றால் தசமியிலிருந்து அமாவாசை வரை. இப்படி இறங்கி இறங்கி ஒரு நாளில் வந்து நிற்கிறது. ஊர்ச் சாஸ்திரிகள் சொன்னது முதல் படி. நீங்கள் கேட்பது கடைசிப் படி. கடைசிப் படியில் நிற்பவரைக் குறையாகச் செய்தவர் என்று யாரும் சொல்ல முடியாது.

ஒரே நாள் என்றால் எந்த நாள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முதல் உரிமை தகப்பனார் இறந்த திதிக்கு. உங்கள் அப்பா வளர்பிறைப் பஞ்சமியில் இறந்திருந்தாலும் தேய்பிறைப் பஞ்சமியில் இறந்திருந்தாலும் இந்தப் பட்சத்தின் பஞ்சமி அவருடைய நாள். பௌர்ணமியில் இறந்தவர்களுக்குப் பட்சத்துக்குள் திதி இல்லாததால் நம் பக்கத்தில் பெரும்பாலும் அமாவாசையில் கொடுத்துவிடுவார்கள். சில திதிகள் இறந்த விதத்துக்கென்று ஒதுக்கப்பட்டவை. சுமங்கலியாகப் போனவர்களுக்கு நவமி. அதற்கு அவிதவா நவமி என்றே பெயர். சந்நியாசிகளுக்குத் துவாதசி. விபத்திலோ ஆயுதத்தாலோ இறந்தவர்களுக்குச் சதுர்த்தசி. இயல்பாக இறந்தவர்களுக்கு அந்தச் சதுர்த்தசியில் மகாளயம் வைக்க மாட்டார்கள். பரணி நட்சத்திரம் கூடும் நாளை மகாபரணி என்றும், நடுவில் வரும் அஷ்டமியை மத்தியாஷ்டமி என்றும் தனியாகக் கொண்டாடுவார்கள்.

ஒரு நாள் மகாளயம் வைப்பவர் தவிர்க்க வேண்டியவை என்று ஒரு பட்டியலும் உண்டு. வெள்ளிக்கிழமை கூடாது, பிரதமை, சஷ்டி, ஏகாதசி கூடாது, தன் ஜன்ம நட்சத்திரம் கூடாது என்று அது போகும். பதினைந்து நாளில் இவற்றையெல்லாம் கழித்தால் மிஞ்சுவது கொஞ்சம்தான். ஆனால் இறந்த திதி, பரணி, அஷ்டமி, துவாதசி, அமாவாசை ஆகிய நாட்களில் இந்தத் தோஷம் எதையும் பார்க்க வேண்டாம் என்பது விதி. இவற்றிலும் எல்லாருக்கும் பொதுவானது, பஞ்சாங்கம் பார்க்கத் தெரியாதவனுக்கும் தெரிந்தது, திதி மறந்தவனையும் ஏற்பது அமாவாசை ஒன்றுதான். வெள்ளிக்கிழமையில் வந்தாலும் சரி, உங்கள் ஜன்ம நட்சத்திரத்தில் வந்தாலும் சரி, கொடுக்கலாம். அது முக்கியமானதற்கு முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம் வானத்தில் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது என்பதால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

பித்ருக்களுக்கு நம்முடைய ஒரு மாதம் ஒரு நாள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதை வெறும் புராணக் கணக்காக நினைத்து நானும் ரொம்ப நாள் கடந்துபோயிருக்கிறேன். பாஸ்கராசாரியர் 1150-ல் எழுதிய சித்தாந்த சிரோமணி இதற்குக் காரணம் சொல்கிறது. பித்ருக்கள் வசிப்பது சந்திரனின் மேற்பக்கத்தில், அதாவது பூமியிலிருக்கும் நமக்குத் தெரியாத மறுபக்கத்தில். அமாவாசையன்று சந்திரன் நமக்கும் சூரியனுக்கும் நடுவில் வந்து நிற்கிறது. நம்மைப் பார்த்த பக்கத்தில் வெளிச்சம் இல்லை. மறுபக்கம் முழுக்க வெயில். அங்கே நிற்பவர்களுக்குச் சூரியன் நேர் உச்சியில் இருக்கும். ஆகவே நமக்கு அமாவாசை என்பது அவர்களுக்கு நடுப்பகல். நமக்குப் பௌர்ணமி அவர்களுக்கு நடுநிசி. ஒரு கோலிக்குண்டையும் மேசை விளக்கையும் வைத்து நீங்களே செய்து பார்க்கலாம், சரியாக வரும்.

இந்தக் கணக்கில் தேய்பிறை அஷ்டமி அவர்களுக்குச் சூரிய உதயம். பட்சத்தின் முதல் ஏழு நாள் அவர்களுக்கு விடிவதற்கு முந்திய பொழுது, அஷ்டமியில் விடிகிறது, அமாவாசையில் உச்சிப் பொழுது. முழுப் பட்சமும் முடியாதவர் அஷ்டமியிலிருந்து தொடங்கலாம் என்பதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும். விருந்தாளி கண் விழிக்கும் நேரத்தில் அடுப்பைப் பற்றவைத்து, உச்சிப் பொழுதுக்கு இலை போடுகிற மாதிரி இருக்கிறது. மனுஸ்மிருதி தேய்பிறை முழுவதையும் அவர்களுக்குப் பகல் என்று வேறு விதமாகப் பிரிக்கிறது. எந்தப் பிரிப்பில் பார்த்தாலும் தேய்பிறைதான் அவர்கள் விழித்து வருகிற பொழுது. அமாவாசைக்கு வடமொழியில் தர்சம் என்று பெயர். மாதாந்திரத் தர்ப்பணத்தைத் தர்ச தர்ப்பணம் என்பதும் அதனால்தான்.

அப்படியானால் எல்லா அமாவாசையும் அவர்களுக்கு உச்சிப் பொழுதுதானே, புரட்டாசி அமாவாசைக்கு என்ன தனி மதிப்பு என்று கேட்பீர்கள். அதற்கு விடை சங்கல்பத்திலேயே இருக்கிறது. "கன்யாகதே ஸவிதரி" என்று சொல்வோம். சூரியன் கன்னி ராசிக்குள் நுழைந்ததும் பித்ருலோகம் காலியாகிவிடுகிறது, எல்லாரும் தங்கள் பிள்ளைகளின் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறார்கள் என்பது நூல்களின் வாக்கு. மற்ற அமாவாசைகளில் நாம் தண்ணீரை அவர்கள் இருக்கும் இடத்துக்கு அனுப்புகிறோம். மகாளயத்தில் அவர்களே இங்கு வந்திருக்கிறார்கள். அதனால்தான் அழைக்கும் பட்டியலும் பெரிதாகிறது. ஊரே திரண்டு வந்து வாசலில் நிற்கும்போது அப்பாவை மட்டும் உள்ளே கூப்பிட்டுச் சித்தப்பாவை வெளியே நிறுத்த முடியுமா? அந்தப் பட்சத்தின் கடைசி நாள், அவர்களின் உச்சிப் பொழுது, திதி தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் பொது நாள் ஆகிய மூன்றும் ஒரே பகலில் கூடுவதுதான் மகாளய அமாவாசை. வடக்கே இதைச் சர்வ பித்ரு அமாவாசை என்கிறார்கள். கயையில் பல்கு ஆற்றங்கரையில் அந்தப் பதினைந்து நாளும் கூடும் கூட்டத்துக்கும் காரணம் இதுதான்.

அதே வாக்கு இன்னொரு சலுகையையும் தருகிறது. சூரியன் கன்னியையும் துலாத்தையும் கடந்து விருச்சிகத்துக்குப் போகும் வரை பித்ருலோகம் காலியாகவே இருக்கும் என்கிறது. தீட்டு வந்தோ, ஆஸ்பத்திரியில் கிடந்தோ, ஊரில் இல்லாமலோ மகாளயம் தவறிப்போனால் கார்த்திகை பிறப்பதற்குள் ஒரு நாள் பார்த்துச் செய்துவிடலாம். ஐப்பசி அமாவாசை அதற்குத் தோதான நாள். இந்த விதி தெரியாமல், விட்டுப்போச்சே என்று அடுத்த புரட்டாசி வரை மனம் புழுங்கியவர்களை எனக்குத் தெரியும்.

கர்ணன் மேலுலகம் போனபோது தானம் செய்த பொன்னே உணவாக வந்தது, பித்ருக்களுக்கு அன்னம் வைக்காத குறை தீரப் பதினைந்து நாள் பூமிக்குத் திரும்பினான் என்று ஒரு கதை சொல்வார்கள். வாய்வழியாக வந்த கதை. குழந்தைகளுக்குச் சொல்ல நல்ல கதைதான். ஆனால் இந்த நாளின் விதிகள் அந்தக் கதையிலிருந்து வந்தவை அல்ல.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அம்மா இருக்கிறார் என்பதால் பெண்கள் வரிசை அம்மாவில் தொடங்காது. அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா மூவர். அப்பாவைப் பெற்ற பாட்டி, அவருடைய மாமியார், அவருக்கும் மாமியார் என்று மூவர். அம்மாவின் அப்பா, அவர் அப்பா, அவர் தாத்தா மூவர். அம்மாவின் அம்மா, அவர் மாமியார், அவருக்கும் மாமியார் மூவர். ஆக 12 பேர். ஒவ்வொருவருக்கும் மும்முறை, 36 முறை எள்ளும் நீரும். பிறகு காருண்ய வர்க்கம். அங்கே சித்தப்பாவின் கோத்திரம், பெயர் சொல்லி மும்முறை. உங்கள் அப்பாவின் கோத்திரமே அவருக்கும். அத்தை, மாமனார் போன்றவர்களுக்கு அவரவர் கோத்திரம் மாறும் என்பதை மறக்க வேண்டாம். அத்தைக்குக் கல்யாணமாகிப் போன வீட்டின் கோத்திரம். இறந்த நாள் எங்கேயும் கேட்கப்படுவதில்லை. கோத்திரமும் பெயரும் உறவும்தான் வேண்டும். அதனால்தான் தேதி தெரியாத சித்தப்பாவுக்கு இங்கே தடையில்லை.

கொள்ளுத்தாத்தாவின் பெயர் தெரியாது என்பது இன்று பெரும்பாலான வீடுகளில் உள்ள நிலைமை. அப்பா பெயர் தெரியாவிட்டால் ப்ருதிவீஷத், தாத்தாவுக்கு அந்தரிக்ஷஸத், கொள்ளுத்தாத்தாவுக்கு திவிஷத் என்று சொல்ல இடம் கொடுத்திருக்கிறார்கள். பூமியில், நடுவெளியில், வானில் இருப்பவர் என்று அர்த்தம். கோத்திரம் தெரியாதவர்கள் காசியப கோத்திரம் என்று சொல்லலாம். ஆனால் இதற்குப் போகுமுன் வீட்டில் வயதானவர்களைக் கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். பழைய பத்திரங்களிலும் கல்யாணப் பத்திரிகைகளிலும் தாத்தா காலத்துப் பெயர்கள் இருக்கும். எங்கள் வீட்டில் கொள்ளுப்பாட்டியின் பெயர் ஒரு நிலப் பத்திரத்திலிருந்துதான் கிடைத்தது. அதுவரை நாற்பது ஆண்டு பெயரில்லாமல் அவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

செய்முறை எளிதுதான். ஒரு வேளைக்கு ஒரு கைப்பிடி கறுப்பு எள் தாராளம். தாமிரம் அல்லது பித்தளைத் தாம்பாளம், சொம்பு நிறையத் தண்ணீர், தர்ப்பைக் கட்டு ஒன்று. இரும்பும் எவர்சில்வரும் வேண்டாம். குளித்து, ஒன்றும் சாப்பிடாமல், மூன்று தர்ப்பைப் புல்லால் முடிந்த மோதிரமான பவித்திரத்தை வலக்கை மோதிர விரலில் போட்டுக்கொண்டு சங்கல்பம். பிறகு பூணூல் போட்டவர்கள் அதை வலத் தோளுக்கு மாற்றிக்கொண்டு தெற்கே பார்க்க வேண்டும். குறள் தென்புலத்தார் என்று சொல்வது இவர்களைத்தான். தாம்பாளத்தில் தர்ப்பையை முடிச்சிட்டுச் செய்த கூர்ச்சத்தை நுனி தெற்கே இருக்கும்படி வைத்து, அதில் பித்ருக்களை வரவழைத்து, எள் போட்டு இருக்கை கொடுத்து, ஒவ்வொருவராகத் தர்ப்பணம். முடிந்ததும் வந்தவர்களை அவரவர் இடத்துக்கு வழியனுப்பும் "யதாஸ்தானம்".

பலரும் தவறு செய்யும் இடம் தண்ணீர் விடுகிற விதம். விரல் நுனி வழியாக விட்டால் அது தேவர்களுக்கு உரியது. பித்ருக்களுக்குக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள பள்ளம் வழியாகத் தண்ணீர் சரிய வேண்டும். சரியாகச் செய்கிறோமா என்று பார்க்க எளிய வழி உண்டு. முடிந்த பிறகு உங்கள் விரல் நுனிகளைப் பாருங்கள். எள் அங்கே ஒட்டியிருந்தால் கை முன்பக்கம் சாய்ந்திருக்கிறது. கையை வலப்பக்கமாகச் சாய்த்து, கட்டை விரலை விலக்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நீரைக் காலில் மிதிபடாத இடமாகப் பார்த்து ஒரு மரத்தடியில் ஊற்றிவிடலாம்.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. புரட்டாசியில் பகலும் இரவும் கிட்டத்தட்டச் சமம் என்பதால் கணக்குச் சுலபம். காலை 6 மணிக்கு உதயம், மாலை 6 மணிக்கு அஸ்தமனம் என்று வைத்துப் பகலை ஐந்தாகப் பிரித்தால் நாலாவது பங்கு பிற்பகல் 1.12 முதல் 3.36 வரை. இதற்கு அபராஹ்ணம் என்று பெயர். சிராத்தத்துக்கான திதி இந்த நேரத்தில் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். நாள்காட்டியில் காலையில் போட்டிருக்கும் திதியைப் பார்த்து முடிவு செய்தால் தவறிவிடும். திங்கள் காலை 11 மணிக்குப் பஞ்சமி பிறந்து செவ்வாய் காலை 10 மணிக்கு முடிகிறது என்று வையுங்கள். நாள்காட்டி செவ்வாயைப் பஞ்சமி என்று காட்டும். ஆனால் பிற்பகலில் பஞ்சமி இருப்பது திங்கள்கிழமைதான், அதுவே அப்பாவின் நாள். வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் சில மணி நேரம் வேறுபடும் என்பதால், வீட்டில் எதைப் பின்பற்றுகிறீர்களோ அதையே கடைசி வரை வைத்துக்கொள்ளுங்கள். அமாவாசைத் தர்ப்பணத்தை வேலைக்குப் போகிறவர்கள் காலையிலேயே முடிப்பது இன்று வழக்கமாகிவிட்டது. முடிந்தால் 11.36 முதல் 12.24 வரையுள்ள குதப காலத்தை ஒட்டிச் செய்யுங்கள். 2026-ல் அமாவாசை சனிக்கிழமை. அமாவாசை முதல் நாள் இரவே பிறந்து, சனி இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் முடிகிறது. ஆகவே அந்த நாளில் உங்களுக்கு அவசரமே இல்லை.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். பஞ்சமியன்று அரை நாள் விடுப்புக் கிடைத்தால் அன்று அப்பாவின் திதியில் மகாளயம் வையுங்கள். சமைத்துப் போட முடியாதவர்கள் அரிசி, பருப்பு, வாழைக்காய், காய்கறி, தட்சிணை வைத்துக் கொடுத்துத் தர்ப்பணம் செய்வதை ஹிரண்ய சிராத்தம் என்பார்கள். அது போதும். அமாவாசையன்று தர்ப்பணம் எப்படியும் உண்டு. பஞ்சமி முடியவில்லை என்றால் மகாளயத்தையே அமாவாசையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் சாஸ்திரிகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: காருண்ய வர்க்கமும் வேண்டும் என்று. ஆற்றங்கரையில் ஐம்பது பேரை வரிசையாக உட்காரவைத்து ஒலிபெருக்கியில் மந்திரம் சொல்லும் இடங்களில் பெரும்பாலும் இரண்டு வர்க்கத்தோடு எழுந்துவிடுவார்கள். பவானி கூடுதுறையிலும் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்திலும் நிற்கும் கூட்டத்தில் ஒவ்வொருவரின் சித்தப்பாவையும் அழைக்க அவர்களுக்கு நேரம் இருக்காது. கரையில் குறையாகச் செய்வதைவிட வீட்டுக் கூடத்தில் நிதானமாகச் செய்வது மேல் என்பது என் கருத்து. கட்டியிருந்த துணியை ஆற்றில் விட்டுவிட்டு வருவதற்கும் தர்ப்பணத்துக்கும் சம்பந்தமே இல்லை. அந்தத் துணிகள் படித்துறையில் சிக்கிக் கிடக்கின்றன. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அப்பா உயிரோடு இருக்கும் மகன் தர்ப்பணத்துக்கு உட்காரக் கூடாது என்பதால் உங்கள் பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து எள் எடுத்துக் கொடுக்கச் சொல்லலாம், அவ்வளவுதான். பூணூலும் மந்திரமும் வழக்கமில்லாத வீடுகளில் தலைவாழை இலையில் படையல் போட்டு, பெயர் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைத்து, காக்கைக்குச் சோறும் பசுவுக்கு அகத்திக்கீரையும் வைக்கிறார்கள். அங்கும் சித்தப்பா பெயரைச் சொல்லி ஒரு முறை இறைக்கலாம். அன்று காலையில் வாசலில் கோலம் போடுவதில்லை. வெங்காயம், பூண்டு, முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு கிடையாது. வாழைக்காய், சேப்பங்கிழங்கு, புடலை, அவரை, பாகற்காய், பிரண்டைத் துவையல். பாகற்காய் நூறு காய்க்குச் சமம், பிரண்டை முந்நூறு, பலா அறுநூறு என்று பாட்டிமார்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். ஆயிரத்தெட்டு காய்கறி கேட்ட விசுவாமித்திரருக்கு வசிட்டர் வீட்டில் இந்த மூன்றோடு இன்னும் எட்டுக் காய் சேர்த்துக் கணக்கை நேர் செய்தார்களாம்.

தர்ப்பணத்தின் முடிவில், எல்லாப் பெயரும் சொல்லி ஆன பிறகு, பூணூலைச் சரிசெய்து எழுவதற்குமுன், பவித்திரத்தை அவிழ்க்கும்போது கடைசியாக ஒரு நீர் விடுவோம். எவருக்குத் தாய் இல்லையோ, தந்தை இல்லையோ, உடன்பிறந்தார் இல்லையோ, உறவென்று ஒருவரும் இல்லையோ, அவர்கள் எல்லாரும் இந்தத் தர்ப்பைத் தண்ணீரால் திருப்தி அடையட்டும் என்பது அதற்கான மந்திரம். இத்தனை வருடமும் உங்கள் சித்தப்பாவுக்கு எங்கோ யாரோ அந்தக் கடைசி நீரில்தான் கொடுத்திருப்பார்கள். இந்த அக்டோபர் 10-ல் அவர் பெயரைச் சொல்லி நீங்கள் மூன்று முறை கொடுங்கள்.